எந்த ஊகம் திட்டத்தை அதிகம் இழுக்கிறது? டொர்னாடோ வரைபடம் போட்டுப் பார்க்கும் வழி

"வேலை முடிய எத்தனை நாளாகும்?" என்று கேட்டால் நாம் ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிடுகிறோம். அந்த எண்ணுக்கு அடியில் ஐந்தாறு ஊகங்கள் ஒளிந்திருக்கும். அவற்றில் சில எப்படி மாறினாலும் முடிவுத் தேதி அசையாது. ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் நகர்ந்தாலும் தேதியைக் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அந்த ஒன்றிரண்டு எவை என்று கண்டுபிடிப்பதுதான் உணர்திறன் பகுப்பாய்வு. அதன் விடையைப் பட்டைகளாக, நீளமானது மேலே, குட்டையானது கீழே என்று அடுக்கினால் சுழல்காற்று போல ஒரு உருவம் கிடைக்கும். அதனால்தான் டொர்னாடோ வரைபடம் என்ற பெயர்.

இதைச் செலவுக்கும் போடலாம், காலத்துக்கும் போடலாம். நான் காலத்தை எடுத்துக்கொள்கிறேன். செலவில் பெரும்பாலும் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டே போகிறோம். காலக் கணக்கிலோ ஒரு வேலை இன்னொன்றுக்காகக் காத்திருக்கும். புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்தக் காத்திருப்பில்தான்.

## எடுத்துக்கொள்ளும் வேலை

ஒரு அலுவலகத்தின் பழைய காகிதக் கோப்புகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கோப்புகள் பெட்டிகளில் இருக்கின்றன. முதலில் பெட்டிகளைப் பிரித்து, பின்களைப் பிடுங்கி, தாள்களை ஒழுங்குபடுத்த வேண்டும். அப்புறம் 4 ஸ்கேனர்களில் ஸ்கேன் செய்ய வேண்டும். மங்கலாகவோ கோணலாகவோ வந்த பக்கங்களைத் திரும்ப ஸ்கேன் செய்ய வேண்டியிருக்கும். இதெல்லாம் நடக்கும்போதே இன்னொரு பக்கம் சர்வர் வாங்கி நிறுவும் வேலை முதல் நாளிலிருந்தே ஓடும். இரண்டும் முடிந்தால்தான் பதிவேற்றிச் சரிபார்க்கும் கடைசிக் கட்டம் தொடங்கும்.

இங்கே புதியவர்கள் சாதாரணமாக "ஸ்கேன் வேலை: 60 நாள்" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் கடைசியில் வரைபடம் "ஸ்கேன் வேலைதான் முக்கியம்" என்று சொல்லும். அது யாருக்கும் தெரிந்த விஷயம். அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் எதையும் செய்ய முடியாது. அந்த 60 நாளை உடையுங்கள்: எத்தனை பெட்டி, ஒரு பெட்டியில் எத்தனை பக்கம், ஒரு ஸ்கேனர் ஒரு நாளைக்கு எத்தனை பக்கம் எடுக்கும். எதை எண்ணிப் பார்க்க முடியுமோ, எதை அளந்து பார்க்க முடியுமோ, அந்த அளவுக்கு இறங்கினால் போதும்.

600 பெட்டி, பெட்டிக்கு 2000 பக்கம் என்றால் மொத்தம் 12 லட்சம் பக்கம். நாளைக்கு 5000 வீதம் 4 ஸ்கேனர் 20,000 பக்கம் எடுக்கும். ஆக 60 நாள். 5% பக்கங்களைத் திரும்ப எடுத்தால் 63 நாள். தயாரிப்புக்கு 10 நாள் சேர்த்தால் 73. சர்வர் 55 நாளில் வந்துவிடும் என்பதால் அது நம்மைத் தடுக்காது. கடைசிக் கட்டத்துக்கு 15 நாள். மொத்தம் 88 நாள். இதுதான் நம் அடிப்படைக் கணக்கு.

## ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கீழ், ஒரு மேல்

இந்த வேலையின் உயிரே இந்தப் படியில் இருக்கிறது. அவசரப்பட்டு எல்லா எண்ணையும் 10% கூட்டி, 10% குறைத்துப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். அதன் விளைவை இந்தக் கணக்கிலேயே பாருங்கள். பெட்டிகளை 10% கூட்டினால் 6.3 நாள் கூடும். பக்கங்களை 10% கூட்டினாலும் அதே 6.3 நாள்தான், ஏனென்றால் இரண்டும் ஒன்றையொன்று பெருக்குகின்றன. ஸ்கேனர் வேகத்தை 10% குறைத்தால் 7 நாள். மூன்று பட்டைகளும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் வந்து நிற்கும். ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை பதிவேட்டில் இருக்கிறது, அதில் சந்தேகம் குறைவு. பெட்டிக்குள் எத்தனை பக்கம் என்பதை யாருமே எண்ணியதில்லை. இந்த வித்தியாசத்தை 10% என்ற பொது அளவு அழித்துவிடுகிறது.

அதனால் எல்லைகளை எண்ணுக்கு எண் தனியாகக் கேட்க வேண்டும். ஆனால் ஒரே அளவுகோலால் கேட்க வேண்டும். நான் பயன்படுத்துவது பத்தில் ஒன்று என்ற அளவு. கீழ் எண் என்றால், பத்தில் ஒரு தடவைதான் உண்மை அதற்கும் கீழே போகும். மேல் எண் என்றால், பத்தில் ஒரு தடவைதான் அதையும் தாண்டும். ஒருவர் இந்த அளவில் சொல்ல, இன்னொருவர் "உலகமே தலைகீழானால்" என்ற அளவில் சொன்னால், பட்டைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பயந்த சுபாவமுள்ளவரின் பட்டைதான் எப்போதும் மேலே நிற்கும்.

கேட்கும்போது நடுவிலுள்ள எண்ணை முதலில் கேட்காதீர்கள். "2000 பக்கம்" என்று வாயில் வந்துவிட்டால், பிறகு அவர் 1900, 2100 என்று அதைச் சுற்றியே வருவார். "எந்தக் காரணத்தால் இது ரொம்ப அதிகமாகும்? அப்படி ஆனால் எவ்வளவு?" என்று மேல் எல்லையிலிருந்து தொடங்குங்கள். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தால் எல்லை தானாக விரியும்.

இன்னொரு பொறியும் இதே இடத்தில் இருக்கிறது. ஒரு பெட்டியைத் திறந்தால் 700 பக்கம் இருக்கலாம், இன்னொன்றில் 4000 இருக்கலாம். அதைப் பார்த்து 700 முதல் 4000 வரை என்று எழுதிவிடக் கூடாது. கணக்கில் நிற்பது 600 பெட்டிகளின் சராசரி. குறைந்ததும் கூடியதும் ஒன்றையொன்று ஈடுகட்டும், ஆகவே சராசரி அவ்வளவு தூரம் ஓடாது. 600 பெட்டிகளுமே 4000 பக்கத்தோடு இருந்தால்தான் மேல் எல்லை 4000 ஆகும். ஒரு துண்டின் ஏற்ற இறக்கம் வேறு, சராசரியைப் பற்றி நமக்கு இருக்கும் சந்தேகம் வேறு. வரைபடத்துக்கு வேண்டியது இரண்டாவது.

## எக்செலில் அமைப்பது

A நெடுவரிசையில் 1 முதல் 7 வரை வரிசை எண், B-யில் ஊகத்தின் பெயர், C-யில் கீழ் எண், D-யில் அடிப்படை எண், E-யில் மேல் எண். இரண்டாம் வரியிலிருந்து எட்டாம் வரி வரை இந்த ஒழுங்கில் எழுதுங்கள்: பெட்டிகள், பெட்டிக்குப் பக்கம், ஸ்கேனர் வேகம், திரும்ப எடுக்கும் விகிதம், தயாரிப்பு, சர்வர், கடைசிக் கட்டம்.

F நெடுவரிசையில் அந்த நேரத்துக்கு எந்த எண் செல்லும் என்பது வரும். F2-வில் இதை எழுதி F8 வரை இழுத்துவிடுங்கள்:

```
=IF($H$1=A2, IF($H$2=1, C2, E2), D2)
```

H1-ல் ஊகத்தின் வரிசை எண், H2-ல் கீழ் எண்ணுக்கு 1, மேல் எண்ணுக்கு 2. H1-ல் 0 போட்டால் எல்லாமே அடிப்படை எண்ணில் இருக்கும். மொத்த நாளைக் கணக்கிடும் வரி, H4-ல்:

```
=MAX(F6 + F2*F3/(4*F4)*(1+F5), F7) + F8
```

இதிலுள்ள MAX-தான் காத்திருப்பு. ஸ்கேன் பக்கமும் சர்வர் பக்கமும் எது பின்னால் முடிகிறதோ, அதுதான் கடைசிக் கட்டத்தைத் தொடங்கவிடும். H1-ல் 0 போட்டு 88 வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் மேலே போகாமல் அங்கேயே நின்று பிழையைத் தேடுங்கள்.

சரி, இப்போது 7 ஊகங்களுக்கும் கீழ், மேல் என்று 14 தடவை மாற்றி விடைகளைக் குறித்துக்கொள்ளலாம். முதல் தடவை கையாலேயே செய்யும்படி சொல்வேன். எந்த எண் எதைத் தள்ளுகிறது என்பது கண்ணில் படும். பிறகு Data > What-If Analysis > Data Table என்ற வசதிக்கு மாறலாம். J1-ல் `=H4`, J2 முதல் J8 வரை 1 முதல் 7, K1-ல் 1, L1-ல் 2 என்று எழுதி, J1:L8 முழுவதையும் தேர்ந்தெடுத்து, Row input cell-ல் H2, Column input cell-ல் H1 என்று கொடுங்கள். 14 விடைகளும் ஒரே தட்டில் வந்துவிடும். எல்லாக் கட்டத்திலும் 88 என்றே வந்தால் கணக்கு தவறில்லை, அந்த அட்டவணை புதுப்பிக்கப்படவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். விசைப்பலகையில் F9 விசையை அழுத்திப் பாருங்கள்.

விடைகள் இப்படி வரும்:

| ஊகம் | கீழ் – அடிப்படை – மேல் | கீழ் எண்ணில் (நாள்) | மேல் எண்ணில் (நாள்) | வீச்சு |
|---|---|---|---|---|
| பெட்டிக்குப் பக்கம் | 1600 – 2000 – 2600 | 75.4 | 106.9 | 31.5 |
| ஸ்கேனர் வேகம் | 4000 – 5000 – 5500 | 103.8 | 82.3 | 21.5 |
| சர்வர் (நாள்) | 40 – 55 – 90 | 88 | 105 | 17 |
| பெட்டிகள் | 560 – 600 – 660 | 83.8 | 94.3 | 10.5 |
| கடைசிக் கட்டம் (நாள்) | 12 – 15 – 20 | 85 | 93 | 8 |
| தயாரிப்பு (நாள்) | 8 – 10 – 15 | 86 | 93 | 7 |
| திரும்ப எடுப்பது | 2% – 5% – 12% | 86.2 | 92.2 | 6 |

வீச்சு என்பது இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள தூரம். அதை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும்.

வரைவதற்கு, ஒவ்வொரு விடையிலிருந்தும் 88-ஐக் கழித்து இரண்டு நெடுவரிசை ஆக்கி, வீச்சு பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். அதற்கு Clustered Bar வரைபடம் போட்டு, Series Overlap-ஐ 100% ஆக்கினால் இரு பக்கப் பட்டைகளும் ஒரே கோட்டில் வந்துவிடும். பெயர்கள் நடுவில் பட்டைகளின் மேல் விழும், Label Position-ஐ Low ஆக்கினால் இடது ஓரத்துக்குப் போய்விடும். எக்செல் முதல் வரியைக் கீழே போடும், Categories in reverse order என்பதைத் தேர்ந்தெடுத்தால் நிமிர்ந்துவிடும். பட்டையின் இரு முனையிலும் ஊகத்தின் எண்களை (1600, 2600 என்று) எழுதிவிடுங்கள். காரணம், ஸ்கேனர் வேகத்தின் பட்டை மற்றவற்றுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கும். அங்கே கீழ் எண்தான் நாளைக் கூட்டுகிறது. எண் இல்லாமல் நிறத்தை மட்டும் பார்ப்பவர் அதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

## வரைபடத்தைப் படிப்பது

மேலே நிற்கும் பட்டை பக்கங்களின் எண்ணிக்கை. வேலை தொடங்குமுன் இதை எத்தனை பேர் ஊகித்திருப்பார்கள்? பேச்சு பெரும்பாலும் ஸ்கேனரைச் சுற்றியோ சர்வரைச் சுற்றியோதான் நடந்திருக்கும்.

வீச்சுகளை வர்க்கம் செய்து, மொத்தத்தில் ஒவ்வொன்றின் பங்கைப் பார்ப்பதும் உதவும். பக்கங்களுக்கு மட்டும் ஏறக்குறைய 50%. முதல் மூன்றும் சேர்ந்தால் சுமார் 87%. ஊகங்கள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும், அதுவும் தோராயமாகத்தான். இருந்தாலும் கடைசி நான்கு ஊகங்களைப் பற்றிக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் விவாதிக்கத் தேவையில்லை என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

சர்வர் பட்டையை உற்றுப் பாருங்கள். அதன் ஊகம் 40-லிருந்து 90 வரை, அதாவது 50 நாள் விரிந்திருக்கிறது. ஆனால் பட்டையில் தெரிவது 17 நாள்தான், அதுவும் ஒரே பக்கமாக. 40 நாளில் வந்தாலும் 55 நாளில் வந்தாலும் ஸ்கேன் வேலை 73-ஆம் நாள்தான் முடியும், அதனால் சீக்கிரம் வருவதால் ஒரு நாளும் மிச்சமாகாது. தாமதமானாலும் முதல் 18 நாள் தாமதம் யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் போனால்தான் வலிக்கும். ஒரு பக்கப் பட்டையைப் பார்த்தால் அங்கே ஒரு இடைவெளி ஒளிந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அந்த இடைவெளி மற்ற ஊகங்களின் தயவில் நிற்கிறது.

## ஒன்றை மாற்றினால் படம் மாறும்

பக்கங்கள்தான் முதலிடம் என்றால் செய்ய வேண்டியது தெளிவு: போய் எண்ணுங்கள். 600 பெட்டிகளில் 40-ஐக் குலுக்கல் முறையில் எடுத்து எண்ணிப் பார்த்ததில் சராசரி 1750 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 40 பெட்டிகளை மட்டுமே பார்த்ததால் முழுச் சராசரி 1650-லிருந்து 1850-க்குள் இருக்கும் என்று எல்லை வைக்கிறோம். முன்வரிசையில் கைக்கெட்டும் பெட்டிகளை மட்டும் எடுத்து எண்ணாதீர்கள். புதிய கோப்புகள் அங்கே இருக்கும், தடித்த பழைய கோப்புகள் பின்னால் இருக்கும்.

இந்த எண்களைப் போட்டால் அடிப்படைக் கணக்கு 88-லிருந்து சுமார் 80 நாளாக இறங்குகிறது. பக்கங்களின் வீச்சு 31.5-லிருந்து 6.3 ஆகச் சுருங்கிவிடுகிறது. நல்ல செய்திதான். ஆனால் வரைபடத்தை இதோடு மூடி வைத்துவிட்டால் ஒன்றைத் தவறவிடுவோம். ஸ்கேன் வேலை சீக்கிரம் முடிவதால் சர்வருக்கு இருந்த 18 நாள் இடைவெளி 10 நாளாகிவிட்டது. திரும்பப் போட்டுப் பார்த்தால் சர்வரின் வீச்சு 17-லிருந்து 24.9 ஆக வளர்ந்து முதலிடத்துக்கு வந்திருக்கும். சர்வரைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரியவரவில்லை, யாரும் அதைத் தொடவுமில்லை. பக்கத்து ஊகம் மாறியதால் அதன் எடை கூடிவிட்டது. அதனால் ஏதாவது ஒரு எண் மாறியதும் முழு வரைபடத்தையும் மறுபடி போட வேண்டும். மேலே சொன்ன அட்டவணை இருந்தால் அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

## இந்த வரைபடம் காட்டாதது

ஒரு நேரத்தில் ஒரே ஊகத்தைத்தான் மாற்றுகிறோம். இரண்டு சேர்ந்து மாறினால் என்ன ஆகும் என்பது இதில் வராது. முதல் அட்டவணையில் பக்கம் 2600 ஆனால் 18.9 நாள் கூடும், வேகம் 4000 ஆனால் 15.8 நாள் கூடும். இரண்டும் ஒன்றாக நடந்தால் கூடுவது 34.7 இல்லை, 39.4 நாள். பெருக்கல் உள்ள இடத்தில் இப்படித்தான் ஆகும்.

அவை ஒன்றாக நடக்குமா என்று கேட்டால், இந்த வேலையில் நடக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய தடித்த கோப்புகளில் தாள்கள் நைந்திருக்கும். அவற்றைக் கட்டாக ஸ்கேனரில் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பக்கம் கூடும்போதே வேகமும் குறையும். இப்படிக் கைகோத்து நடக்கும் ஊகங்களைத் தனித்தனிப் பட்டையாகக் காட்டினால் இரண்டின் ஆபத்தும் குறைவாகத் தெரியும். "பழைய கோப்புகளின் பங்கு" என்று ஒரே ஊகமாக வைத்து, பக்கம், வேகம் இரண்டையும் அதிலிருந்தே கணக்கிடுவது சரியான வழி.

இன்னொரு பக்கம், எல்லாப் பட்டைகளின் வலது முனைகளையும் கூட்டி "மோசமானால் இத்தனை நாள்" என்று சொல்பவர்களும் உண்டு. ஏழும் ஒரே நேரத்தில் கெட்டுப்போவது மிக அரிது, அப்படி வரும் எண்ணை யாரும் நம்பவும் மாட்டார்கள். மொத்தத் திட்டம் எந்தத் தேதிக்குள் முடிய எவ்வளவு வாய்ப்பு என்று தெரிய வேண்டுமானால், எல்லா ஊகங்களையும் ஒரே நேரத்தில் குலுக்கல் முறையில் பல தடவை மாற்றிக் கணக்கிடும் மாண்டி கார்லோ முறைக்குப் போக வேண்டும். டொர்னாடோ வரைபடம் அதற்கு முந்தைய படி. எந்த ஊகத்துக்கு நேரம் செலவழித்து நல்ல எண் தேட வேண்டும் என்பதை இது சொல்லும்.

## சர்வர் பட்டையை என்ன செய்வது

மேலே வரும் பட்டைகள் இரண்டு வகை. பக்கங்களைப் போல, உண்மை ஏற்கெனவே அங்கே இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை என்பது ஒரு வகை. அதற்கு எண்ணிப் பார்ப்பது மருந்து. சர்வர் அப்படியில்லை. அது இனிமேல் நடக்கப்போவது, எவ்வளவு விசாரித்தாலும் 90 நாள் ஆகும் வாய்ப்பு போகாது. அங்கே திட்டத்தைத்தான் மாற்ற வேண்டும். தற்காலிகமாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, எப்படியும் 70 நாளுக்குள் பதிவேற்றத்தைத் தொடங்க வழி செய்ததாக வைத்துக்கொள்வோம். E7-ல் 90-க்குப் பதில் 70 போட்டால் சர்வரின் வீச்சு 24.9-லிருந்து 4.9-க்கு விழுகிறது. வாடகைக்குக் கொடுக்கும் பணத்தால் மோசமான முடிவில் 20 நாள் மிச்சமாகிறது என்று மேலாளரிடம் எண்ணோடு சொல்லலாம்.

இப்போது மேலே நிற்பது ஸ்கேனர் வேகம், வீச்சு 18.8 நாள். ஒரே ஒரு ஸ்கேனரை வைத்து, குலுக்கலில் எடுத்து எண்ணிய அந்த 40 பெட்டிகளிலிருந்தே தாள்களை எடுத்து, 2 நாள் முழுவதும் ஓட்டிப் பாருங்கள். இடையில் தாள் சிக்கி நின்ற நேரத்தையும் கழிக்காமல் நாளுக்கு எத்தனை பக்கம் வந்தது என்று குறித்து, C4, D4, E4 மூன்றிலும் புதிய எண்களைப் போட்டுப் பட்டைகளை மறுபடி வரிசைப்படுத்துங்கள்.